ஒரே கோடு, இரண்டு பட்டைகள்

"சார், அப்பா அம்மாவின் உயரத்தை வைத்து என் உயரத்தைச் சொல்லிவிட முடியுமா?" என்று ஜார்ஜ்டவுனில் என் படிவம் 4 மாணவர் ஒருவர் கேட்டார். இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்ட்டன் ஆராய்ந்ததும் ஏறக்குறைய இதைத்தான். 205 பெற்றோர் இணைகள், அவர்களின் வளர்ந்த பிள்ளைகள் 928 பேர் ஆகியோரின் உயரங்களை அவர் 1886-இல் வெளியிட்டார். பெண்களின் உயரத்தை 1.08-ஆல் பெருக்கி, ஆண்களின் அளவுக்கு ஈடாக்கிக்கொண்டார்.

பெற்றோரின் சராசரி உயரத்தைக் கிடை அச்சிலும் பிள்ளையின் உயரத்தைக் குத்து அச்சிலும் குறித்து, புள்ளிகளின் நடுவே பின்னடைவுக் கோடு வரையலாம். பெற்றோரின் சராசரி 173.5 செ.மீ. என்றால், கோடு காட்டும் பிள்ளையின் உயரம் 173 செ.மீ. இதை எவ்வளவு நம்பலாம்? அது நாம் எதைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது.

முதல் கேள்வி: அத்தகைய பெற்றோரின் பிள்ளைகள் எல்லாருக்கும் சராசரி உயரம் என்ன? இதற்கு நம்பிக்கைப் பட்டை. புள்ளிகள் கோட்டிலிருந்து விலகும் திட்ட விலக்கம், s, ஏறக்குறைய 5.7 செ.மீ. கோட்டின் நடுப்பகுதியில் சராசரியின் பிழை s/√n. 928-இன் வர்க்கமூலம் ஏறக்குறைய 30.5, ஆகவே பிழை 0.19 செ.மீ. 95 விழுக்காட்டுப் பட்டைக்கு அதை 1.96-ஆல் பெருக்கினால் ±0.4 செ.மீ. கூடக் கிடைப்பதில்லை!

இரண்டாவது கேள்வி: அத்தகைய பெற்றோருக்குப் பிறந்த ஒரே ஒரு பிள்ளையின் உயரம் என்ன? இதற்குக் கணிப்புப் பட்டை. இங்கே கோட்டின் பிழையோடு, அந்தப் பிள்ளை கோட்டிலிருந்து விலகும் அளவும் சேர்கிறது. உடன்பிறந்தவர்களே ஒரே உயரத்தில் இருப்பதில்லையே! எனவே கணக்கு s√(1 + 1/n) ஆகிறது. அந்த '1' தான் தனி ஒருவரின் விலகல். விடை ±11.2 செ.மீ.; அதாவது 162 முதல் 184 வரை.

928-க்குப் பதில் நான்கு மடங்கு பேரை அளந்தால் 1/n சுருங்கும், நம்பிக்கைப் பட்டை பாதியாகும். '1' அப்படியே இருப்பதால், கணிப்புப் பட்டை அசையவே அசையாது எனலாம். அதைக் குறுக்க வேண்டுமானால், உயரத்தைப் பாதிக்கும் வேறு காரணங்களையும் கணக்கில் சேர்த்து s-ஐக் குறைக்க வேண்டும்.

மாணவர்கள் அடிக்கடி இடறும் இடம் ஒன்று உண்டு. மெல்லிய பட்டையை வரைந்துவிட்டு, "பெரும்பாலான புள்ளிகள் வெளியே கிடக்கின்றனவே, தவறா?" என்பார்கள். தவறில்லை. அந்தப் பட்டை புள்ளிகளுக்கானதன்று, கோட்டுக்கானது. புள்ளிகளில் ஏறக்குறைய 95 விழுக்காடு அடங்க வேண்டியது கணிப்புப் பட்டைக்குள்தான்.

ஒரு குறை: 928 பேரில் பலர் உடன்பிறந்தவர்கள். அவர்களின் உயரங்கள் ஒன்றையொன்று சாராதவை அல்ல என்பதால், உண்மையான நம்பிக்கைப் பட்டை ±0.4-ஐவிடச் சற்று அகலமாகவே இருக்கும்.

என் மாணவருக்கு அகலமான பட்டையைத்தான் காட்டினேன். அதுவும் 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக் குடும்பங்களுக்கு உரியது. பினாங்குப் பிள்ளைகளுக்குச் சொல்ல, பினாங்குக் குடும்பங்களைத்தான் அளக்க வேண்டும்.