கடைசி ஆறு வாரம்

சென்னை ஓஎம்ஆர் சாலையில் உள்ள ஓர் அலுவலகத்தில் எட்டுப் பேர் கொண்ட ஒரு மென்பொருள் குழு இருப்பதாக வைத்துக்கொள்வோம். நிரல் எழுதுகிறவர்கள் ஐந்து பேர், டெஸ்டிங் பார்க்கிறவர்கள் இரண்டு பேர், ஒரு டீம் லீட். ஒரு கடன் சங்கத்துக்கான கணக்கு மென்பொருளை ஜனவரி 31 சனிக்கிழமை 'கோ-லைவ்' செய்ய வேண்டும். இன்று டிசம்பர் 22, திங்கள். ஆறு வாரம் இருக்கிறது. பாக்கி வேலைகளைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி நேரம் ஆகும் என்று கூட்டினால் 1,280 வருகிறது.

பெரும்பாலான இடங்களில் அடுத்து நடப்பது ஒரு பெருக்கல். எட்டுப் பேர், வாரம் 40 மணி, ஆறு வாரம், ஆக 1,920 மணி. 'தாராளமாக முடித்துவிடலாம்' என்று கிளையன்டிடம் தலையாட்டிவிட்டு வருகிறார்கள். ஜனவரி நடுவில் எல்லோரும் இரவு பத்து மணிக்கு அலுவலகத்தில் பரோட்டா தின்றுகொண்டிருப்பதற்கு அந்தத் தலையாட்டல்தான் காரணம்.

ஒருவர் 40 மணி நேரம் அலுவலகத்தில் இருக்கிறார் என்றால் 40 மணி நேரமும் வேலைப்பட்டியலில் உள்ளதைச் செய்கிறார் என்று அர்த்தமில்லை. கூட்டம், மெயில், பக்கத்து இருக்கைக்காரருக்கு உதவி, நின்றுபோன சர்வர் என்று போக, 28 மணி மிஞ்சினால் நல்லது. பாதி நாள் கிளையன்டோடு பேசும் டீம் லீடுக்கு 14 என்று வைக்கலாம். அப்படியானால் குழுவின் உண்மையான கை வாரத்துக்கு 210 மணிதான். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கலுக்கு இரண்டு நாள், குடியரசு நாள் என ஐந்து வேலைநாள் விடுமுறையில் போகிறது. அதாவது ஒரு முழு வாரம். மீதி ஐந்து வாரத்துக்கு 1,050 மணி. டெஸ்டிங்கில் புதிதாகக் கிளம்பும் பிழைகளைச் சரிசெய்ய 200 மணியை ஒதுக்கிவிட வேண்டும். பிழையே வராத மென்பொருளை நான் பார்த்ததில்லை. கையில் இருப்பது 850 மணி, வேலை 1,280. பள்ளம் 430 மணி.

இதை ஓவர்டைம் போட்டே நிரப்பிவிடலாம் என்று தோன்றும். ஆளுக்கு 57 மணி, இருக்கும் 25 வேலைநாளில் பிரித்தால் தினம் இரண்டேகால் மணி நேரம் கூடுதல். காகிதத்தில் இது பெரிய சுமையாகத் தெரியாது. ஆனால் கூடுதல் மணி நேரம் முதல் மணி நேரத்தைப் போல வேலை செய்வதில்லை. முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் அரசு, வெடிமருந்துத் தொழிற்சாலைத் தொழிலாளர்களின் உடல்நலத்தை ஆராய 1915-இல் ஒரு குழுவை அமைத்தது. அப்போது சேர்த்த உற்பத்திக் கணக்குகளை, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர் ஜான் பென்காவெல் ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடி எடுத்து ஆராய்ந்தார். வாரம் 49 மணி நேரம் வரை, நேரம் கூடக்கூட உற்பத்தியும் அதே அளவில் கூடியது. அதைத் தாண்டியதும் வளர்ச்சி மெலிந்தது. 70 மணி நேரம் உழைத்த வாரத்தின் உற்பத்தி, 56 மணி நேர வாரத்தின் உற்பத்தியிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை. 14 மணி நேர உழைப்பு ஏறக்குறைய காற்றில் கரைந்தது.

அது இயந்திரத்தின் முன் நின்று செய்த வேலை. அந்த 49-ஐ அப்படியே மென்பொருளுக்குப் பொருத்த முடியாது. என் அனுபவத்தில் இங்கே நிலைமை இன்னும் மோசம். களைத்த கையில் கெட்டுப்போன குண்டு ஒரு குண்டோடு முடிந்தது. களைத்தவர் இரவு ஒன்பது மணிக்கு எழுதிய தவறான வட்டிக் கணக்கு மறுநாள் டெஸ்டிங்காரரின் அரை நாளையும், திருத்துகிறவரின் இன்னோர் அரை நாளையும் தின்றுவிடும்.

அதனால் ஓவர்டைமைத் தொடுவதற்கு முன் பட்டியலைக் குறைக்க வேண்டும். கிளையன்டிடம் 'எது வேண்டாம்?' என்று கேட்டால் எல்லாமே வேண்டும் என்பார். 'பிப்ரவரி 2-ஆம் தேதி கவுன்டரைத் திறக்கும்போது எது இல்லாவிட்டால் வேலை நின்றுபோகும்?' என்று கேட்க வேண்டும். பணம் கட்டுவது, ரசீது, வட்டிக் கணக்கு இவை இல்லாமல் முடியாது. ஆண்டறிக்கை மார்ச்சுக்குத்தான் தேவை. குறுஞ்செய்தி அனுப்பும் வசதியும் வண்ண வரைபடங்களும் காத்திருக்கும். இப்படி 280 மணி நேர வேலை பிப்ரவரிக்குத் தள்ளிப்போனால் பள்ளம் 150 மணியாகச் சுருங்கும். இந்தப் பேச்சை முதல் வாரத்திலேயே பேசியாக வேண்டும். ஐந்தாம் வாரத்தில் பேசினால், தேவையில்லாதவற்றில் பாதி ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும்.

புது ஆட்களைச் சேர்க்கலாமே என்று மேலிடம் கேட்கும். ஐபிஎம் நிறுவனத்தில் பெரிய மென்பொருள் திட்டத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975-லேயே இதற்குப் பதில் எழுதிவிட்டார்: பிந்திப்போன மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் இன்னும் பிந்தும். புதியவருக்குச் சொல்லிக்கொடுப்பவர், வேலை தெரிந்த அந்த ஒரே ஆள்தான்.

மிச்சம் 150 மணி, ஆளுக்கு 20. கூடுதல் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு வீணாகும் என்று வைத்தால் 30 மணி நேரம் உட்கார வேண்டும். அதை மூன்று வாரத்தில், வாரம் 10 மணியாக வைக்கலாம். திங்கள் முதல் வியாழன் வரை தினம் இரண்டரை மணி. வெள்ளி மாலை வீட்டுக்கு. விடுமுறையில் ஒரு நாள் போகிற வாரமானால் அந்த வெள்ளி மாலையும் சேரும். எந்த மூன்று வாரம் என்பதில்தான் திட்டமே இருக்கிறது. இரண்டு, மூன்று, ஐந்து என்பது என் தேர்வு. நான்காம் வாரம் பொங்கல். ஊருக்குப் போகிறவர்களை லேப்டாப் இல்லாமல் அனுப்ப வேண்டும். ஆறாம் வாரத்தில் ஒரு மணி நேரம்கூட ஓவர்டைம் கிடையாது. கேட்பவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். ஆனால் மென்பொருள் உண்மையான வாடிக்கையாளர் கையில் சிக்கித் திணறப்போவது 31-ஆம் தேதிக்குப் பிறகுதான். தெளிந்த தலை அப்போது வேண்டும்.

இந்த 30 மணி எல்லோர் மேலும் சமமாக விழாது. வட்டிக் கணக்குப் பகுதியை எழுதியவர் ஒருவராக இருந்தால் பிரச்சினை எல்லாம் அவரிடமே போகும். அவர் 60 மணி உட்கார்ந்திருப்பார், குழுவின் சராசரி அதை மறைத்துவிடும். முதல் வாரத்திலேயே இன்னொருவரை அவர் பக்கத்தில் உட்கார வைப்பது நல்லது. டெஸ்டிங் பார்க்கும் இருவர் நிலைமை வேறு. எழுதுகிறவர்கள் மாலை ஏழு மணிக்கு முடித்துத் தந்தால், இவர்களின் வேலை அப்போதுதான் தொடங்கும். முடித்த வேலையை மதியம் மூன்று மணிக்குள் ஒப்படைக்க வேண்டும் என்ற ஒரு விதி இவர்களைக் காப்பாற்றும். வேளச்சேரியிலோ தாம்பரத்திலோ வீடு இருந்து, போய்த்தான் சமைக்க வேண்டும் என்ற பெண்ணுக்கு இரண்டரை மணி ஓவர்டைம் இரண்டரை மணியோடு முடிவதில்லை. அவர் காலையில் ஒரு மணி நேரம் முன்னதாக வரட்டும், அல்லது வீட்டிலிருந்து செய்யட்டும். அவரிடமே கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

குழு களைத்துவிட்டதா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கேட்டால் 'பரவாயில்லை சார்' என்பார்கள். சரிசெய்துவிட்டதாக மூடிய பிழைகளில் எத்தனை திரும்பத் திறந்தன என்று வாரா வாரம் எண்ணுங்கள். முன்பு பத்துக்கு ஒன்று திரும்பி வந்தது, இப்போது மூன்று வருகிறது என்றால் ஓவர்டைம் வேலையை முடிக்கவில்லை, வேலையை உண்டாக்குகிறது. அன்றே நிறுத்திவிட்டு, பட்டியலில் இன்னொன்றை பிப்ரவரிக்குத் தள்ள வேண்டும்.

இன்னொன்றையும் டிசம்பர் 22-ஆம் தேதியே எழுதிவிட வேண்டும். பல அலுவலகங்களில் கூடுதல் நேரத்துக்குச் சம்பளம் கிடையாது, 'காம்ப்-ஆஃப்' தருவதாகச் சொல்வார்கள். அடுத்த வேலை வந்ததும் அது மறந்துபோகும். 30 மணி என்றால் ஏறக்குறைய நான்கு நாள். கோ-லைவ் முடிந்த முதல் வாரம் எல்லோரும் இருந்தாக வேண்டும். பிப்ரவரி 9 முதல் 12 வரை நால்வர், 16 முதல் 19 வரை மற்ற நால்வர் என்று பெயர் போட்டு, கிளையன்டும் பார்க்கும் அதே காலண்டரில் குறித்து வைக்க வேண்டும்.