ஐந்திணை: தொழிலும் மனமும்

குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை ஆகிய ஐந்தும் நிலப் பெயர்களாகவே பள்ளிப் பாடத்தில் அறிமுகமாகின்றன. மலை, காடு, வயல், கடல், சுரம் என்று ஒரு கட்டம் போட்டு, எதிரே தெய்வம், உணவு, பறவை, தொழில் என எழுதி மனப்பாடம் செய்வது வழக்கம். அந்தக் கட்டத்தில் பிழை எதுவும் இல்லை. ஆனால் ஓர் அகப்பாட்டு எந்தத் திணையைச் சேர்ந்தது என்று தீர்மானிக்க அது மட்டும் போதாது.

தொல்காப்பியம் திணையின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பிரிக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தில் உள்ள தெய்வம், மா, மரம், புள், பறை, செய்தி, யாழ் முதலியவை கருப்பொருள். 'செய்தி' என்பது அங்குள்ளவர் செய்யும் தொழில். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்ற ஐந்தும், அவை ஒவ்வொன்றுக்கும் நிமித்தமாக அமைபவையும் உரிப்பொருள். கைக்கிளையையும் பெருந்திணையையும் சேர்த்தால் அகத்திணை ஏழு. நடுவில் உள்ள ஐந்தில், எந்த மனநிலை எந்த நிலத்துக்கு என்ற பங்கீடு வெறும் மரபாகத் தோன்றினாலும், ஒவ்வொரு நிலத்தின் தொழிலையும் அருகில் வைத்துப் பார்த்தால் அதன் காரணம் பிடிபடுகிறது. யார் எந்த நேரத்தில் எங்கே இருப்பார்கள் என்பதைத் தொழில்தான் முடிவு செய்கிறது. காதலுக்கு இடம் தருவதும் தடை போடுவதும் அதுவே.

குறிஞ்சியில் இது வெளிப்படையாகத் தெரியும். மலையில் வாழும் குறவர் மரங்களை வெட்டி எரித்த சரிவுகளில் தினை விதைக்கிறார்கள், தேன் எடுக்கிறார்கள், கிழங்கு அகழ்கிறார்கள். கதிர் பால் பிடித்ததும் கிளிகள் வந்து இறங்கும். அவற்றை விரட்டும் வேலை வீட்டுப் பெண்ணுக்கும் அவள் தோழிக்கும் உரியது. புனத்தில் இதணம் எனப்படும் பரண் கட்டி, அதன்மேல் இருந்து தட்டை, தழல், குளிர் என்ற கருவிகளால் ஓசை எழுப்புவார்கள், கவண்கல் எறிவார்கள். ஊரைவிட்டுத் தள்ளியுள்ள புனத்தில், பகல் முழுவதும், பெரியவர்கள் யாரும் உடன் இல்லாமல் ஒரு பெண் இருக்க நேர்வது இந்த வேலையால்தான். வேட்டைக்கு வரும் தலைவன் அங்கே அவளைக் காண்கிறான்; புணர்தல் குறிஞ்சிக்கு உரியதாகிறது.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டு இந்த வரிசையிலேயே நடக்கிறது. தாய் தினை காக்க அனுப்புகிறாள். பெண்கள் கிளி ஓட்டி, அருவியில் ஆடி, பூப் பறித்துக் குவிக்கிறார்கள். கபிலர் அங்கே 99 பூக்களின் பெயர்களை அடுக்குவது புகழ்பெற்ற பகுதி. அதன் பிறகுதான் நாய்களோடு தலைவன் வருகிறான். தினைக்காவலுக்கு ஒரு முடிவும் உண்டு. கதிர் அறுத்துவிட்டால் புனத்தில் காவலுக்கு வேலை இல்லை; பெண் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். எனவே குறிஞ்சிப் பாடல்களில் தோழி தலைவனிடம் தினை விளைந்துவிட்டது என்று சொன்னால் அது வேளாண்மைச் செய்தி அன்று. பகலில் சந்திக்கும் வாய்ப்பு முடியப் போகிறது, மணம் பேச வா என்பதே அதன் பொருள். அறுவடைக்குப் பின் சந்திப்பு இரவுக்கு மாறுகிறது. குறிஞ்சிக்கு யாமமும் கூதிர்காலமும் பொழுதாக வகுக்கப்பட்டிருப்பதால், மழையும் இருட்டும் யானை திரியும் மலைவழியும் தலைவனின் வருகையை ஆபத்தாக்குகின்றன. அந்த அச்சமும் புணர்தலின் நிமித்தமே.

முல்லையின் தொழில் ஆநிரை மேய்த்தல். கூடவே வரகும் சாமையும் விதைப்பார்கள். பெரும்பொழுது கார், அதாவது ஆவணியும் புரட்டாசியும். சிறுபொழுது மாலை. மேய்ப்பவன் வாழ்க்கையில் மாலை என்பது திரும்பி வரும் நேரம். காலையில் போன மாடு அந்தியில் மணியோசையோடு ஊருக்குள் வருகிறது. கொட்டிலில் கட்டிய கன்று அதற்காகக் கத்துகிறது. போருக்குப் போன தலைவனும் கார் தொடங்குமுன் திரும்புவதாகச் சொல்லியே போயிருப்பான். வரவேண்டியவை எல்லாம் வருகின்ற பொழுதில் அவன் மட்டும் வரவில்லை. அதைத் தாங்கிக்கொண்டு நம்பிக்கையோடு காத்திருப்பதுதான் இருத்தல்.

103 அடிகளே உள்ள முல்லைப்பாட்டில் இந்தத் தொடர்பு ஒரே காட்சியில் வந்துவிடுகிறது. அரசன் வராத கவலையில் முதுபெண்டிர் ஊர்ப்புறத்துக்குப் போய், நெல்லும் முல்லைப்பூவும் தூவி, விரிச்சி கேட்க நிற்கிறார்கள். தற்செயலாகக் காதில் விழும் பேச்சைக் குறியாகக் கொள்வது விரிச்சி. அப்போது ஓர் ஆய்மகள், கட்டிவைத்த கன்று தாயை நினைத்துத் தவிப்பதைப் பார்த்து, கோவலர் ஓட்டிவர உன் தாய்மார் இப்போதே வந்துவிடுவார்கள் என்று தேற்றுகிறாள். அரண்மனைக்கு அதுவே நற்சொல்லாகிறது. மாடு மேய்ப்பவர் வீட்டு அன்றாடப் பேச்சு அரசியின் காத்திருப்புக்கு அப்படியே பொருந்திவிடுகிறது.

கார் வந்ததை அறிவிப்பது கொன்றைப் பூ. குறுந்தொகையில் இதை வைத்து இரண்டு விதமாகப் பாடியிருக்கிறார்கள். ஒரு பாட்டில், கார் வரவில்லை, ஏதோ ஒரு மழையைக் கண்டு அறிவில்லாத கொன்றை ஏமாந்து பூத்துவிட்டது என்று தோழி தலைவியை ஆற்றுகிறாள். இன்னொன்றில், காடு கார் என்று சொன்னாலும் நம்பமாட்டேன், அவர் பொய் சொல்லமாட்டார் என்று தலைவியே உறுதியாக இருக்கிறாள். பிரிவு என்ற நிகழ்ச்சி பாலையிலும் உண்டு, நெய்தலிலும் உண்டு. முல்லையை அவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது இந்த உறுதிதான்.

மருதம் உழவர் நிலம். ஆறும் குளமும் வயலும் நெல்லும் எருமையும் வாளைமீனும் நீர்நாயும் கொண்டது. இங்கே தலைவன் நிலமும் செல்வமும் உடைய 'ஊரன்'. தினைப்புனத்துக் குறவனைப் போலவோ கடலுக்குப் போகும் பரதவனைப் போலவோ அவன் வயிற்றுக்காக அலைய வேண்டியதில்லை. உழுபவர் வேறு, விளைச்சலை அனுபவிப்பவர் வேறு என்ற நிலை உருவான இடம் இது. ஓய்வும் வளமும் பரத்தையர் தெருவும் ஒரே ஊரில் இருப்பதால் ஊடல் இங்கே வருகிறது. விடியலில் பரத்தை வீட்டிலிருந்து திரும்பும் கணவனுக்கு மனைவி கதவைத் திறக்க மறுக்கிறாள்; வைகறை மருதத்தின் சிறுபொழுதாக இருப்பது இதற்கு இயல்பாகப் பொருந்துகிறது.

மருதப் பாடல்களில் பழியை நேராகச் சொல்வது குறைவு. வயல்காட்சிக்குள் ஒளித்துச் சொல்வார்கள். இதற்கு உள்ளுறை உவமம் என்று பெயர். ஆலங்குடி வங்கனாரின் குறுந்தொகைப் பாட்டு ஒன்றில் பேசுபவள் பரத்தை. வயலோரத்து மாமரத்தில் கனிந்து தானே விழும் பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்விக்கொள்ளும் ஊரைச் சேர்ந்தவன் என்று அவனைக் குறிக்கிறாள். மீன் மரமேறிப் பறிக்கவில்லை. பழம்தான் வாய்க்கு வந்து விழுந்தது. அவனை நான் வளைத்துப் பிடிக்கவில்லை, அவனே வந்தான் என்று தலைவியின் பக்கத்தாருக்கு அவள் விடையளித்துவிட்டாள். பிறகு, எங்கள் வீட்டில் பெரிய பேச்சுப் பேசுபவன் தன் வீட்டில், எதிரே இருப்பவர் கை தூக்கினால் தானும் தூக்கும் கண்ணாடிப் பாவை போல, மகனைப் பெற்றவள் சொன்னதையெல்லாம் செய்கிறான் என்று ஒரு குத்து. மருதத்தின் கருப்பொருள்களை வெறும் அலங்காரமாகப் படிப்பவருக்கு இந்தப் பேச்சின் பாதி தவறிவிடும்.

நெய்தலில் பரதவர் மீன்பிடிக்கிறார்கள், உப்பு விளைகிறது, உமணர் அதை வண்டியேற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோய் நெல்லுக்கு மாற்றுகிறார்கள். தந்தையும் தமையன்மாரும் கடலில் இருக்க, காயவைத்த மீனைப் பறவை கொத்தாமல் காக்கும் வேலை பெண்ணுக்கு. தேரில் வரும் தலைவன் அவளைக் கண்டு பழகிவிட்டுப் போய்விடுகிறான். தேர்ச்சக்கரத் தடம் மணலில் கிடக்கிறது. ஊர் அலர் தூற்றுகிறது. பொழுது எற்பாடு, ஞாயிறு சாயும் வேளை. திரும்பி வரும் நாள் இன்னது என்ற உறுதி முல்லைத் தலைவிக்கு உண்டு. நெய்தல் தலைவிக்குப் பெரும்பாலும் இல்லை. ஆகவே இங்கே இருத்தல் இரங்கலாகிவிடுகிறது.

பாலைக்கு மட்டும் தொல்காப்பியம் நிலம் ஒதுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வேனிலில் தம் இயல்பு திரிந்து பாலை என்ற வடிவம் கொள்ளும் என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். நண்பகலும் வேனிலும், பின்பனியும் அதன் பொழுது. அங்கே வாழும் மறவரும் எயினரும் வழிப்போவாரைத் தாக்கிப் பொருள் பறிக்கிறார்கள். மற்ற நான்கு திணைகளுக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. குறிஞ்சித் தலைவி குறவர் மகள், நெய்தல் தலைவி பரதவர் மகள். பாலைத் தலைவி பெரும்பாலும் எயினர் மகள் அல்லள். பாலையின் தொழில் காதலர்களின் தொழிலாக வராமல், பொருள் தேடப் போகும் தலைவனும் உடன்போக்கில் செல்லும் இணையும் கடக்க வேண்டிய ஆபத்தாகவே வருகிறது. எனவே பாலை யாருடைய ஊரும் அன்று. அது ஒரு வழி. பிரிதல் அதற்கு வாய்த்ததில் வியப்பில்லை.

நிலமும் உரியும் முரண்பட்டால் எது வெல்லும் என்பதற்குப் பட்டினப்பாலை நல்ல சான்று. 301 அடிகளில் பெரும்பகுதி காவிரிப்பூம்பட்டினத்தின் வருணனை. கடல், பரதவர், உப்பு, பண்டசாலை என்று கருப்பொருளைப் பார்த்தால் நெய்தலும் மருதமும்தான் கண்ணில் படும். ஆனால் பாட்டு சொல்வது ஒன்றே: இப்பேர்ப்பட்ட பட்டினமே கிடைப்பதானாலும் இவளைப் பிரிந்து வரமாட்டேன் என்று தலைவன் தன் நெஞ்சிடம் கூறுகிறான். அவன் பிரியவே இல்லை. பிரிவை எண்ணிப் பார்த்துக் கைவிட்டான். அதுவும் பிரிதலின் நிமித்தம் என்பதால் பாட்டு பாலையாயிற்று.

எல்லா இடத்திலும் இந்த விதி இவ்வளவு சுத்தமாக வேலை செய்வதில்லை. அகநானூற்றின் 140ஆம் பாட்டில் உமணன் மகள் தெருவில் உப்புக்கு நெல் மாற்றக் கூவிப் போகிறாள். அந்தக் குரலுக்கு நாய் குரைக்க, அவள் வெருண்ட பார்வை தலைவனைத் தாக்குகிறது. சேற்றில் சிக்கிய உப்பு வண்டியை இழுத்து மீட்ட எருது விடும் மூச்சைப் போலத் தனக்குப் பெருமூச்சு வருகிறது என்கிறான். காதலின் தொடக்கம் என்பதால் உரியை மட்டும் பார்த்தால் இது குறிஞ்சிப் பக்கம் சாயும். தொகுத்தவர் நெய்தலில் வைத்தார். உப்பும் உமணரும் அந்த அளவுக்குப் பாட்டை நிறைத்திருக்கின்றன. உரிப்பொருள் அல்லாதவை மயங்கலாம் என்று தொல்காப்பியம் இடம் கொடுத்திருப்பதால், ஒரு நிலத்தின் பூவோ பறவையோ இன்னொரு நிலத்துப் பாட்டில் வந்தாலும் குற்றமில்லை.

140 என்ற எண்ணே அந்த முடிவைக் காட்டிவிடும். அகநானூற்றின் 400 பாடல்களும் எண்ணைக் கொண்டே திணை தெரியும்படி அடுக்கப்பட்டவை. ஒற்றைப்படை எண்கள் எல்லாம் பாலை, 2, 8 ஆகியவற்றில் முடிபவை குறிஞ்சி, 4இல் முடிபவை முல்லை, 6 மருதம், பத்து, இருபது என 0இல் முடிபவை நெய்தல். கணக்கிட்டால் பாலை 200, குறிஞ்சி 80, மற்ற மூன்றும் தலா 40. தனக்கென நிலமே இல்லாத திணைக்குத் தொகையில் சரிபாதி கிடைத்திருக்கிறது.