கடல் கடக்கும் ஒரு கடிதம்

காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை விற்கும் ஒருவர், அந்தமானில் பூட்டிக் என்னும் சிறு ஆடையகம் நடத்தும் அம்மையார் ஒருவருக்கு மின்னஞ்சல் எழுத எண்ணுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தமானின் தலைநகரான போர்ட் பிளேர், 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறியது. அங்குள்ள கடைக்காக இருவரும் சேர்ந்து ஒரு சேலைத் தொகுப்பை உருவாக்கலாம் என்பதே அவர் யோசனை. "இருவரும் இணைந்து செய்வோம், இலாபத்தைப் பகிர்வோம்" என்று எழுதிவிட்டால் போதாதா? போதாது. ஏன் என்பதற்கு விடை தறியில் இருக்கிறது.

துணியில் நீளவாக்கில் ஓடும் நூல் பாவு. குறுக்கே பாயும் நூல் ஊடை. ஊடையின் நிறத்தைச் சேலைக்குச் சேலை மாற்றலாம். நாடாவில் வேறு நூலை வைத்தால் தீர்ந்தது. பாவு அப்படியன்று. பல சேலைகளுக்கு ஆகும் நீளத்தில் அதை ஒரே முறையாக ஓட்டித் தறியில் ஏற்றிவிடுகிறார்கள். ஏறிய பின், அது தீரும்வரை பாவின் நிறமும் கரையின் அகலமும் மாறா. ஆகவே "ஒரு சேலை மட்டும் மாதிரிக்கு நெய்து அனுப்புங்கள்" என்பது நெசவாளருக்குப் பெருஞ்செலவு. ஒரு பாவுக்கு ஆறு சேலை என்று கொண்டால், தொகுப்பும் ஆறு, பன்னிரண்டு என்றே வளரவேண்டும். நிறத்தைப் பற்றிய முடிவும் பாவு ஓட்டுமுன் வரவேண்டும்.

இதை உணர்ந்தவர் எழுதும் கடிதம் இப்படி இருக்கும். தொகைகள் நம் கணக்குக்காக வைத்துக்கொண்டவை.

"பொருள்: 12 கண்டாங்கிச் சேலைகள் – கூட்டுத் தொகுப்புக்கு ஒரு யோசனை

அன்புடையீர், வணக்கம். காரைக்குடியில் நெய்த பருத்திக் கண்டாங்கியை உங்கள் கடைக்கென இரு பாவுகளில், பாவுக்கு ஆறாக, நெய்து தர விரும்புகிறேன். பாவு நிறங்கள் இரண்டும் ஊடை நிறங்கள் நான்கும் உங்கள் தேர்வு. கட்டமும் கரையும் எங்கள் மரபுப்படி. கஞ்சி போடாமல் அனுப்புவேன். விலை சேலைக்கு ரூ. 1,800. பாதித் தொகை பாவு ஓட்டும்போது. மீதி ஜனவரி 31-இல். விற்காதவற்றில் நான்கு வரை திரும்பப் பெறுவேன். அனுப்பும் கூலி உங்களுடையது. திரும்பும் கூலி என்னுடையது. ஆகஸ்டு 20-க்குள் நிறங்களைத் தெரிவித்தால், அக்டோபர் 15-க்குள் சரக்கு உங்கள் கையில் இருக்கும். மூன்று படங்கள் இணைத்துள்ளேன்."

"நான்கு வரை" என்பது தாராளமா, கருமித்தனமா? கணக்கிட்டுப் பார்ப்போம். நூலுக்கும் சாயத்துக்கும் நெசவுக்கூலிக்கும் சேலைக்கு ரூ. 1,100 என்றால், பன்னிரண்டுக்கு ரூ. 13,200. முன்பணம் ரூ. 10,800. குறையும் ரூ. 2,400-ஐ விற்பவர் தம் கையிலிருந்து போடுகிறார். ஏனெனில் சேலை விற்கும்வரை நெசவாளரின் அடுப்பு காத்திராது. நான்கு திரும்பினால் எட்டுக்கு ரூ. 14,400 வரும், செலவு போக ரூ. 1,200 மிஞ்சும், அது திரும்பும் கூலிக்கு ஆகும். ஐந்து திரும்பினாலோ வருவது ரூ. 12,600, போட்ட முதலே வராது. திரும்பிய சேலையை ஊரில் விற்கலாம்தான். ஆனால் தீவுக்கென்று தேர்ந்த நிறம் அங்கே உடனே விலைபோகும் என்று நம்பிக் கடன்படலாகாது. "இலாபத்தைப் பகிர்வோம்" என்ற ஒற்றை வரி மறைத்துவிடுவது இந்த எல்லையைத்தான்.

கஞ்சியைப் பற்றிய வரியும் வீண் வரியன்று. ஈரக்காற்று மிகுந்த தீவில், கஞ்சியிட்ட பருத்தி மடிப்பிலேயே பூஞ்சை பிடிக்கும். சாயத்துக்கும் ஒரு சோதனை உண்டு: நனைத்த வெள்ளைத் துணியால் கரையைத் தேய்த்தால் நிறம் ஏறக்கூடாது. சரக்கு கடல் கடந்தபின் குறை தெரிந்தால் சண்டைதான் மிஞ்சும். ஆதலால் கட்டுமுன் இதைச் செய்துவிடவேண்டும்.

நாள் குறிப்பதற்கும் காரணம் உண்டு. சாயமேற்றிப் பாவு ஓட்டி நெய்து முடித்த பின்னும், சென்னையிலிருந்து கப்பல் ஏறினால் ஏறத்தாழ மூன்று நாள் பயணம். கப்பலுக்குக் காத்திருக்கும் நாட்கள் வேறு. சுற்றுலாப் பயணிகள் பெருகும் மாதங்களுக்கு முன்பே சேலை கடையில் இருந்தாகவேண்டும்.

இன்னொன்று, பெயர். காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தொகுப்பு நன்றாக விற்றது என்று அடுத்த ஆண்டு வேறெங்கோ விசைத்தறியில் நெய்து அதே பெயர்ச்சீட்டை ஒட்டலாகாது. இதை இரண்டாவது கடிதத்தில் எழுதிக்கொள்ளலாம்.

முதற் கடிதம் அம்மையாரிடம் கேட்பது ஒன்றே: எந்த நிறங்கள்? அதற்கு அவர் விடை சொல்லும்போதே எத்தனை, என்ன விலை, யார் பணம், யார் நட்டம் என்பவற்றுக்கும் இசைந்தவர் ஆகிறார். இசையாவிட்டால் அதுவும் பாவு ஏறுமுன் தெரிந்துவிடும். ஒரு நூலும் வீணாகாது.