தெருவில் தேங்கும் நீரும் குடியிருப்போர் நலச் சங்கமும்

தமிழ்நாட்டில் ஒரு தெருவில் வசிப்பவர்கள் கூடி அமைக்கும் குடியிருப்போர் நலச் சங்கம், 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவாகிறது. குறைந்தது 7 பேர் வேண்டும். சங்கத்தின் பெயர், முகவரி, நோக்கம் ஆகியவற்றையும், பைலா எனப்படும் விதிமுறைகளையும் எழுதி, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பின் உரிமையாளர்களுக்கு 2022ஆம் ஆண்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. இங்கு பேசப்படுவது தெருச் சங்கம்.

பைலாவில் கவனமாக முடிவு செய்யவேண்டியது, யார் உறுப்பினராகலாம் என்பது. வீட்டு உரிமையாளர்கள் மட்டும் என்று எழுதிவிட்டால், வாடகைக்குக் குடியிருப்போர் வெளியே நிற்பார்கள். பல தெருக்களில் அவர்களே அதிகம். வார்டில் வாக்களிப்பவர்களும் அவர்களே. நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் 3 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டி, கணக்கை வைத்து, உரிய ஆவணங்களைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். இதில்தான் பல சங்கங்கள் தவறுகின்றன. நிர்வாகிகள் மாறியதைப் பதியாமல் விட்டால், வங்கிக் கணக்கில் கையெழுத்தை மாற்றுவதே சிக்கலாகும். ஏற்கெனவே உள்ள சங்கத்தில் சேர்பவர் சந்தா கட்டும்போது ரசீது வாங்குவதும், கடைசிப் பொதுக்குழு எப்போது கூடியது என்று கேட்பதும் நல்லது.

சங்கத்தின் அன்றாட வேலை கவுன்சிலர் எனப்படும் மாமன்ற உறுப்பினரோடு சேர்ந்தது. சென்னை மாநகராட்சியில் 200 வார்டுகள் உண்டு; வார்டுக்கு ஒரு கவுன்சிலர். வேலையைச் செய்பவர் அவர் அல்லர். உதவிப் பொறியாளர் மதிப்பீடு தயாரிக்கிறார். ஒப்புதலும் டெண்டரும் முடிந்தபின் ஒப்பந்ததாரர் வேலை செய்கிறார். அந்த வேலையைப் பட்டியலில் சேர்க்கச் சொல்வதும், மண்டலக் குழுவிலும் மாமன்றத்திலும் பேசுவதும், வார்டு மேம்பாட்டு நிதியிலிருந்து பரிந்துரைப்பதும் கவுன்சிலரின் பணி.

மழைக்காலத்தில் ஒரு தெருவில் தண்ணீர் தேங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் அது எந்தத் தண்ணீர் என்று பார்க்க வேண்டும். மழைநீர் வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு. கழிவுநீர்க் குழாய் சென்னைக் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. மழை நின்று சில நாளாகியும் வடிகாலில் கருநிறத்தில், நாற்றத்தோடு நீர் நின்றால், வீட்டுக் கழிவுநீர் அதில் கலக்கிறது என்று ஐயப்படலாம். அப்போது வாரியத்துக்கும் புகார் தர வேண்டும். மழையின்போது மட்டும் தேங்கினால், வடிகாலில் வண்டல் சேர்ந்திருக்கலாம். அல்லது நீர் உள்ளே இறங்கும் வாய்கள் அடைபட்டிருக்கலாம். பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுக்காமல் மேலேமேலே சாலை போட்டதில் தெரு உயர்ந்து, வீடுகள் தாழ்ந்து போனதும் காரணமாகலாம். இந்த மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு. காரணத்தைச் சொல்லாத மனுவை ஒரு அலுவலகம் இன்னொரு அலுவலகத்துக்குத் தள்ளிவிடுவது எளிது.

காரணம் தெரிந்தபின் காலம் முக்கியம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதால், தூர்வாரக் கேட்கும் மனு கோடையிலேயே போய்ச் சேர வேண்டும். புதிய வடிகால் வேண்டுமென்றால் மதிப்பீடும் நிதியும் தேவை. அதற்கு முந்தைய மழையின்போதே நீர் நின்ற இடம், ஆழம், வடிய எடுத்த நேரம் ஆகியவற்றைத் தேதியோடு படமெடுத்து வைத்திருக்க வேண்டும். 1913 என்ற மாநகராட்சி எண்ணில் புகாரைப் பதிந்து, புகார் எண்ணை மனுவில் குறிப்பிட வேண்டும். மனுவின் ஒரு படி கவுன்சிலருக்கு, ஒரு படி உதவிப் பொறியாளருக்கு. சங்கத்தின் படியில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை இருக்க வேண்டும். ஒரு மனுவில் ஒரு கோரிக்கை மட்டும் எழுதுவது, அது எங்கே நிற்கிறது என்று பின்தொடர உதவும்.

நேரில் கேட்பதற்குச் சட்டம் தந்த இடம் பகுதி சபா. ஒவ்வொரு வார்டும் சில பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, அந்தந்தப் பகுதியின் வாக்காளர்கள் கூடும் அவை அது. நகர்ப்புறங்களில் 2022 நவம்பர் 1 அன்று இக்கூட்டங்கள் நடத்தப்பட்டன. கவுன்சிலர் முன்னிலையில் கோரிக்கையைச் சொல்லி, அது கூட்டக் குறிப்பில் எழுதப்பட்டதா என்று பார்க்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் அதே குறிப்பைக் காட்டித்தான் பதில் கேட்க முடியும்.

வேலை தொடங்காவிட்டாலோ, தொடங்கியது பாதியில் நின்றாலோ, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மதிப்பீட்டின் நகலையும் பணி ஆணையின் நகலையும் கேட்கலாம். பொதுவாக 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அந்த விண்ணப்பத்தை ஒரு குடிமகனின் பெயரில் எழுதுவது சரியான முறை. ஆவணம் கைக்கு வந்தால், வடிகாலின் நீளமும் ஆழமும் எழுதியபடி உள்ளனவா என்று தெருவாசிகளே அளந்து பார்க்கலாம். குறை இருந்தால், ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுத்து முடிவதற்குள் உதவிப் பொறியாளருக்கும் கவுன்சிலருக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.