இருவரும் ஒப்பும் வாடகைக் கணக்கு

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. அதன்பின் இங்கு வாழும் தமிழர் பலர், வேலைக்காக நாள்தோறும் தொடர்வண்டியில் பெங்களூரு சென்று திரும்புகின்றனர். சிலர் குடும்பத்தோடு அங்கேயே குடியேறிவிட்டு, இராபர்ட்சன்பேட்டை போன்ற இடங்களில் உள்ள தம் வீட்டை வாடகைக்கு விடுகின்றனர். உரிமையாளர் ஓர் ஊரிலும் குடியிருப்பவர் வேறோர் ஊரிலும் இருப்பதால், வாடகை கைபேசி வழியாகவே செல்கிறது. நேரில் பெற்றுக்கொண்டு இரசீது எழுதித் தரும் வாய்ப்புக் குறைவு.

பணம் சென்ற நாளையும் தொகையையும் வங்கிக் கணக்குக் காட்டும். ஆனால், அது எந்த மாதத்து வாடகை, ஏன் குறைந்தது என்பவற்றை அது காட்டாது. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம்.

ஒரு வீட்டின் மாத வாடகை 4000 ரூபாய். ஜூன் மாதத்தில் தண்ணீர்க் குழாய் உடைந்தது. குடியிருப்பவர் 600 ரூபாய் செலவிட்டுச் சரிசெய்தார். அதைக் கழித்துக்கொண்டு 3400 ரூபாய் அனுப்பினார். ஆறு மாதங்கள் கழித்து வங்கிக் கணக்கைப் பார்க்கும் உரிமையாளருக்கு, ஜூன் மாதத்தில் 600 ரூபாய் பாக்கி என்றே தோன்றும். குழாய்க்காரர் தந்த சீட்டும் அதற்குள் தொலைந்திருக்கும்.

பணம் அனுப்பிய அன்றே குடியிருப்பவர் இவ்வாறு செய்தி அனுப்பியிருந்தால் இக்குழப்பம் நேராது:

“ஜூன் மாத வாடகை 4000. குழாய்ச் செலவு 600 கழித்துள்ளேன். இன்று, ஜூன் 5, அனுப்பியது 3400. பாக்கி இல்லை.”

இதற்கு உரிமையாளர் “சரி” என்று மட்டும் விடையளித்தல் போதாது. பணம் வந்ததற்குச் சரியா, கழித்ததற்குச் சரியா என்பது அதில் விளங்காது. “ஜூன் வாடகைக்கு 3400 வந்தது. குழாய்ச் செலவு 600 ஏற்கிறேன். பாக்கி இல்லை” என்று தொகையையும் மாதத்தையும் மீண்டும் எழுத வேண்டும். அவர் செலவை ஏற்காவிடில், “3400 வந்தது, 600 பாக்கி” என்று எழுதலாம். அப்போது கருத்து வேறுபாடு அன்றே வெளிப்படும். சீட்டும் கையில் இருக்கும். பேசித் தீர்ப்பது எளிது.

வாடகையைப் பணமாகக் கொடுத்தால், கொடுத்த இடத்திலேயே இருவரும் செய்தியை அனுப்பிக்கொள்ள வேண்டும். அங்கு வங்கிக் கணக்கின் துணையும் இல்லை. முன்பணத்தைத் தனி வரியில் எழுத வேண்டும். அதை வாடகையோடு சேர்த்தால், வீட்டைக் காலிசெய்யும்போது திரும்பத் தர வேண்டிய தொகை குழம்பும்.

செய்திகள் அழியக்கூடும், கைபேசியும் தொலையக்கூடும். எனவே மாதம், நாள், தொகை, கழிவு, பாக்கி ஆகியவற்றை இருவரும் ஒரு குறிப்பேட்டில் மாதம் ஒரு வரியாக எழுதிவைப்பர். இக்கணக்கு வாடகை ஒப்பந்தத்துக்கு மாற்று அன்று. ஒப்பந்தம் வாடகை எவ்வளவு என்பதைச் சொல்லும்; இக்கணக்கு அது செலுத்தப்பட்டதைச் சொல்லும்.