பெட் ஸ்கேனுக்கு முன் ஏன் இத்தனை கட்டுப்பாடுகள்?

புற்றுநோயின் நிலையை அறிவதற்காகப் பெட்-சிடி ஸ்கேன் எடுக்கச் செல்வோருக்கு, இரண்டொரு நாள் முன்னதாகவே ஒரு சீட்டு கொடுக்கிறார்கள். சிலருக்குத் தொலைபேசியிலும் நினைவூட்டுகிறார்கள். அதில் உள்ள செய்தி ஏறக்குறைய இவ்வாறு இருக்கும்:

“காலை 8 மணிக்குள் வந்துவிடவும். ஊசி போடுவதற்கு முந்தைய 6 மணி நேரம் தண்ணீரைத் தவிர வேறெதுவும் உட்கொள்ள வேண்டாம். முந்தைய நாள் முதல் கடினமான வேலையோ உடற்பயிற்சியோ கூடாது. குளிர் தாங்கும் தளர்ந்த உடை அணிந்து வரவும். நகைகளைத் தவிர்க்கவும்.”

எக்ஸ்-கதிர்ப் படம் எடுப்பதற்கு இத்தகைய கட்டுப்பாடு எதுவும் இல்லை. இதற்கு மட்டும் ஏன்? உடை குளிர் தாங்குவதாக இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? ஒரு டம்ளர் காப்பி குடித்தால் படம் கெட்டுவிடுமா? இவ்வினாக்களுக்கு விடை காண, இந்த ஸ்கேன் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை முதலில் அறிந்து கொள்வோம்.

கதிர் வீசும் சர்க்கரை

நம் உடலின் உயிரணுக்கள் குளுக்கோஸ் என்னும் சர்க்கரையை எரித்து ஆற்றல் பெறுகின்றன. பல வகைப் புற்றணுக்கள் இயல்பான அணுக்களைவிட மிகுதியாகக் குளுக்கோஸை விழுங்குகின்றன. இதனை ஜெர்மானிய அறிஞர் ஆட்டோ வார்பர்க் 1920-களிலேயே கண்டறிந்தார்.

இப்பண்பைப் பயன்படுத்தி, குளுக்கோஸ் மூலக்கூறில் ஓரிடத்தில் ஃபுளோரின்-18 என்னும் கதிரியக்க அணுவைப் பொருத்தி விடுகிறார்கள். இவ்வாறு கிடைக்கும் பொருளுக்கு எஃப்.டி.ஜி. என்று பெயர். மனிதருக்கு இது முதன்முதலில் 1976-இல் அமெரிக்காவில் செலுத்தப்பட்டது. உயிரணு இதனைச் சர்க்கரை என்றே நம்பி உள்ளே இழுத்துக் கொள்கிறது. ஆனால், முழுவதும் எரிக்க முடிவதில்லை. எனவே அது அணுவினுள்ளேயே சிக்கித் தங்கிவிடுகிறது.

ஃபுளோரின்-18 சிதையும்போது பாசிட்ரான் என்னும் துகள் வெளிப்படுகிறது. அது ஓரிரு மில்லிமீட்டர் தொலைவுக்குள்ளாகவே ஓர் எலக்ட்ரானைச் சந்திக்கிறது. இரண்டும் அழிந்து, அவற்றின் இடத்தில் இரு காமாக் கதிர்கள் நேர் எதிர்த் திசைகளில் புறப்படுகின்றன. நோயாளியைச் சுற்றி வளையமாக அமைந்த உணர்விகள் இவ்விரண்டையும் ஒரே கணத்தில் பதிவு செய்தால், அவற்றை இணைக்கும் நேர்க்கோட்டில் எங்கோ சர்க்கரை இருக்கிறது என்று பொருள். இத்தகைய பல இலட்சம் கோடுகளைக் கொண்டு கணிப்பொறி படத்தை அமைக்கிறது.

ஆக, இந்தப் படம் காட்டுவது கட்டியை அன்று. சர்க்கரை சென்று சேர்ந்த இடத்தை. இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக் கொண்டால், சீட்டில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் காரணம் விளங்கிவிடும்.

உணவும் உழைப்பும்

சாப்பிட்டவுடன் நம் இரத்தத்தில் குளுக்கோஸ் கூடுகிறது. அதனைத் தொடர்ந்து இன்சுலின் சுரக்கிறது. இன்சுலினின் வேலை, தசைகளின் வாயிலைத் திறந்து சர்க்கரையை உள்ளே அனுப்புவது. அந்நேரத்தில் எஃப்.டி.ஜி. செலுத்தினால் அதுவும் தசைகளுக்குள் போய்விடும். படத்தில் தோள், தொடை, முதுகு எல்லாம் கருமையாகத் தெரியும். கட்டிக்குச் சேர வேண்டிய பங்கு குறைந்து அது மங்கிவிடும். ஆகவேதான் 6 மணி நேரப் பட்டினி. பால் சேர்த்த காப்பியும் தேநீரும் சர்க்கரை போடாவிட்டாலும் உணவுதான். பாலிலேயே சர்க்கரை இருக்கிறது. வெறும் தண்ணீர் மட்டும் தாராளமாக அருந்தலாம், அருந்தவும் வேண்டும். தேவையற்ற எஃப்.டி.ஜி. சிறுநீரில் வெளியேற அது உதவும்.

ஊசி போடுமுன் விரல் நுனியில் குத்தி இரத்தச் சர்க்கரையை அளக்கிறார்கள். 100 மில்லிலிட்டருக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் பொதுவாகச் சோதனையை ஒத்திவைப்பார்கள். இரத்தத்தில் உள்ள சாதாரணக் குளுக்கோஸ், எஃப்.டி.ஜி.யோடு போட்டியிட்டுக் கட்டிக்குள் அது நுழைவதைக் குறைத்துவிடுவதே காரணம். உடனே இன்சுலின் போட்டு இதைச் சரி செய்து விடலாமே என்று தோன்றும். அவ்வாறு செய்தால் மேலே கூறியபடி சர்க்கரை தசைக்குப் போய்விடும். ஆகவே, நீரிழிவு உள்ளவர்கள் நாள் குறிக்கும்போதே அதைச் சொல்லி, மாத்திரையையும் இன்சுலினையும் எப்போது எடுப்பது என்று கேட்டறிய வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது.

உழைக்கும் தசை, இன்சுலின் இல்லாமலேயே சர்க்கரையை இழுக்கும். முந்தைய நாள் நாற்று நட்டவர், மூட்டை சுமந்தவர், வெகுதூரம் மிதிவண்டி மிதித்தவர் ஆகியோரின் தசைகள் மறுநாளும் இழந்ததை ஈடு செய்து கொண்டிருக்கும். ஊசி போட்ட பிறகு ஒரு மணி நேரம் பேசாமல், அசையாமல் படுத்திருக்கச் சொல்வதும் இதனால்தான். பேசினால் குரல்வளைத் தசையும், எதையேனும் மென்றால் தாடைத் தசையும் படத்தில் எழும். வெற்றிலை பாக்கையும் அன்று விட்டுவிட வேண்டும்.

கழுத்தில் தோன்றிய நிழல்

உடை பற்றிய வரியே பலருக்கும் வியப்பளிப்பது. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்.

லிம்போமா என்பது நிணநீர் மண்டலத்தில் தோன்றும் புற்றுநோய். அதற்குச் சிகிச்சை முடித்த ஒல்லியான இளம்பெண் ஒருத்தி, நோய் அகன்றதா என்று பார்க்க ஸ்கேனுக்கு வருகிறாள் என்று வைத்துக் கொள்வோம். மெல்லிய பருத்தி உடை. காத்திருக்கும் அறையில் குளிரூட்டி ஓடுகிறது. நடுங்கியபடி ஒரு மணி நேரம் அமர்ந்திருக்கிறாள். படத்தில் கழுத்தின் இருபுறமும், காறையெலும்புக்கு மேலும், முதுகெலும்பின் ஓரமாகவும் வலிய நிழல்கள் தோன்றுகின்றன. லிம்போமா மீண்டும் தலைகாட்டும் இடங்களும் இவையே!

ஆனால், அது நோயாக இருக்க வேண்டியதில்லை. நம் உடலில் பழுப்புக் கொழுப்பு என்று ஒன்று உண்டு. சாதாரண வெள்ளைக் கொழுப்பு ஆற்றலைச் சேமித்து வைப்பது. பழுப்புக் கொழுப்போ, குளிரின்போது எரிபொருளை எரித்து நேராக வெப்பமாக்குவது. பச்சிளங் குழந்தைகளுக்கு இது மிகுதி. வளர்ந்தவர்களிடமும் இது தொழிற்படுவதை உறுதி செய்யும் ஆய்வுகள் 2009-இல் வெளிவந்தன. அதற்கு உதவியது இதே பெட் ஸ்கேன்தான். இளைஞரிடமும் ஒல்லியானவரிடமும் இது கூடுதலாகக் காணப்படுகிறது.

அப்படியானால் மருத்துவர் எவ்வாறு வேறுபடுத்துகிறார்? பழுப்புக் கொழுப்பின் நிழல் பெரும்பாலும் இருபுறமும் சமமாக இருக்கும். மேலும், உடன் எடுக்கும் சிடி படத்தில் அதே இடத்தில் கொழுப்பு மட்டும் இருக்கிறதா, முடிச்சு இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆயினும் இதற்கும் எல்லை உண்டு. எரியும் கொழுப்பின் நடுவே ஒரு சிறு முடிச்சு மறைந்திருந்தால், வெளிச்சத்தின் நடுவே வைத்த அகல்போல அது கண்ணுக்குத் தப்பிவிடலாம். ஐயம் தீராவிட்டால் மறுபடியும் ஒரு ஸ்கேன். மறுபடியும் செலவு, கதிர்வீச்சு, கவலை. ஒரு கம்பளிச் சட்டையும் கால் உறையும் போர்வையும் பெரும்பாலும் இவற்றைத் தவிர்க்கப் போதுமானவை. ஊசி போடுவதற்கு அரை மணி முன்பிருந்தே உடலைக் கதகதப்பாக வைத்துக் கொள்ள வேண்டும்.

உலோகப் பொத்தான், இழுப்புப் பட்டை, நகை ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்வது சிடி பகுதிக்காக. உலோகம் எக்ஸ்-கதிரைத் தடுத்துப் படத்தில் கீற்றுக் கீற்றாகக் கோடுகளை உண்டாக்கும்.

காத்திருக்காத மருந்து

இனி, குறித்த நேரத்துக்கு வருவது பற்றி. ஃபுளோரின்-18-இன் அரை வாழ்வுக் காலம் 110 நிமிடங்கள். அதாவது 110 நிமிடத்துக்கு ஒருமுறை அதன் கதிரியக்கம் பாதியாகிவிடும். இதனைச் சைக்ளோட்ரான் என்னும் பெரிய கருவியில் அன்றன்றே தயாரிக்க வேண்டும். சைக்ளோட்ரான் இல்லாத ஊருக்கு வேறு ஊரிலிருந்து ஈயக் கலத்தில் வைத்து அனுப்புகிறார்கள். வழியிலேயே அது குறைந்து கொண்டு வரும்.

ஒரு காலையில் நான்கு நோயாளிகள். 9 மணி முதல் அரை மணிக்கு ஒருவராக ஊசி. ஒவ்வொருவருக்கும் 8 மில்லிகியூரி. நான்கெட்டு முப்பத்திரண்டு போதும் என்று கணக்கிட்டால் தவறு. பின்னால் வருபவருக்கான மருந்து காத்திருக்கும்போதே தேய்ந்துவிடுமாதலால், 9 மணிக்குக் கலத்தில் ஏறத்தாழ 43 மில்லிகியூரி இருந்தாக வேண்டும். இப்போது முதல் நோயாளி ஒரு மணி நேரம் தாமதித்து, வரிசை முழுவதும் ஒரு மணி நேரம் தள்ளிப் போகிறது என்று கொள்வோம். மீதமிருப்பது 100-க்கு 68 பங்கே. ஒவ்வொருவருக்கும் 8-க்குப் பதில் சுமார் ஐந்தரை மில்லிகியூரிதான் கிடைக்கும். கதிர்கள் குறைந்தால் படம் புள்ளி புள்ளியாகத் தெளிவிழக்கும். ஸ்கேன் நேரத்தை நீட்டி ஓரளவு ஈடு செய்யலாம். ஆனால் அதனால் அடுத்தவரின் நேரமும் தள்ளிப் போகும்.

ஊசிக்கும் படத்துக்கும் இடையே உள்ள 60 நிமிடமும் முக்கியமானது. பல கட்டிகள் ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் சர்க்கரையை இழுத்துக் கொண்டே இருக்கும். சிகிச்சைக்கு முன் 60 நிமிடத்திலும், பின்னர் 90 நிமிடத்திலும் படம் எடுத்து ஒப்பிட்டால், நோய் வளராமலேயே அளவு கூடியதுபோல் தோன்றலாம். சர்க்கரை அளப்பதற்கும், எடை பார்ப்பதற்கும், ஊசிக் குழாய் பொருத்துவதற்கும் நேரம் வேண்டும். 9 மணி ஊசிக்கு 8 மணிக்கே வரச் சொல்வது அதனால்தான். வீடு திரும்பப் பகல் 12 மணி ஆகலாம்.

வீடு திரும்பிய பின்னும் அந்த 110 நிமிடக் கணக்குத் தொடர்கிறது. 11 மணி நேரத்தில் ஆறு முறை பாதியாகி, 64-இல் ஒரு பங்கே எஞ்சும். சிறுநீர் வழியே போவது வேறு. எனவே அன்று நிறையத் தண்ணீர் குடித்து, மருத்துவமனையில் சொல்லும் சில மணி நேரம் வரை கைக்குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் நெருங்காமல் இருந்தால் போதும். சோதனைக்கு வரும் பெண் கர்ப்பமாக இருக்கக் கூடும் என்றாலோ, தாய்ப்பால் கொடுப்பவர் என்றாலோ ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

கட்டுப்பாட்டை மீறிவிட்டால்?

விடியற்காலை வழக்கம்போல் காப்பி குடித்துவிட்டவர், சோதனை தள்ளிப் போய்விடுமே என்று அஞ்சி அதை மறைப்பதுண்டு. வெளியூரிலிருந்து பேருந்தேறி வந்தவருக்கு அந்த அச்சம் இயற்கையே. ஆனால், விரல் நுனிச் சோதனை எல்லாவற்றையும் காட்டிக் கொடுப்பதில்லை. இன்சுலின் தன் வேலையை முடித்து, இரத்தச் சர்க்கரை சரியாகவே இருக்கலாம், எஃப்.டி.ஜி. மட்டும் தசையில் போய் அமரும். சொல்லிவிட்டால், சில மணி நேரம் தள்ளியோ மறுநாளோ ஊசி போட ஏற்பாடு செய்வார்கள். சொல்லாவிட்டால், கட்டி மங்கித் தெரிவதைச் சிகிச்சை பலித்ததாக எண்ணிவிட நேரலாம். உண்டது, உழைத்தது, குளிரில் நடுங்கியது ஆகிய மூன்றையும் ஊசி போடுபவரிடம் ஒளிக்காமல் சொல்வது, சீட்டில் அச்சிடப்படாத மற்றொரு விதி.