இல்லாத செலவுக்குப் போன இருபத்தேழாயிரம்

சென்ற ஆண்டு மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு பதினொன்றே கால் மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. நம் சங்கத்து நண்பர்தான். இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவர். "சார், அம்மா குளியலறையில வழுக்கி விழுந்துட்டாங்க. இடுப்பெலும்புன்னு சொல்றாங்க. அட்வான்ஸ் முப்பதாயிரம் கட்டணுமாம். என் கார்டு வேலை செய்யலை. உடனே வர முடியுமா?" என்றார். தில்லிக் குளிரில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, என்னுடைய கிரெடிட் கார்டையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஆஸ்பத்திரிக் கவுண்டரில் என் கார்டைத் தேய்த்துப் பணம் கட்டியாகிவிட்டது. அம்மாவை உள்ளே கொண்டுபோனார்கள். நண்பர் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து தம் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "எழுபத்தையாயிரம் லிமிட் சார். நான் இவ்வளவு செலவு பண்ணவே இல்லையே!" என்றார்.

நான் இருபது வருஷத்துக்கு மேல் ஒரு வங்கியின் கார்டுப் பிரிவில் கணக்குச் சரிபார்க்கும் மேஜையில் இருந்தவன். இந்தப் புலம்பலை எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். "கடைசியா எந்த ஓட்டல்ல தங்கினீங்க?" என்று கேட்டேன். அவர் என்னை ஜோசியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். வியாழன் முதல் ஞாயிறு வரை குடும்பத்தோடு ஜெய்ப்பூர் போய்விட்டு அன்று மாலைதான் திரும்பியிருந்தார்கள்.

அவருடைய செல்பேசியில் வங்கியின் செயலியைத் திறந்து பார்த்தோம். பழைய பாக்கி 14,200 ரூபாய். வியாழக்கிழமை தேதியிட்டு ஓட்டல் பெயரில் 27,600 ரூபாய். ஞாயிறு காலைத் தேதியிட்டு அதே ஓட்டல் பெயரில் 23,850 ரூபாய். மூன்றையும் கூட்டினால் 65,650. எழுபத்தையாயிரத்தில் மீதி 9,350 ரூபாய்தான். முப்பதாயிரம் எப்படிப் போகும்?

"ரெண்டு தடவை எடுத்துட்டான் பாருங்க!" என்று நண்பர் கொதித்தார். ஓட்டல்காரர் இரண்டு தடவை எடுக்கவில்லை. ஒரு தடவைதான் எடுத்திருந்தார். இன்னொன்று வெறும் துண்டு போட்டு இடம் பிடித்து வைத்தது. ஓடும் ரயிலில் துண்டு போட்டுவிட்டு ஆள் அடுத்த பெட்டியில் உட்கார்ந்துவிட்டால் அந்த இருக்கை என்ன ஆகும்? யாரும் உட்காரவும் இல்லை, யாரையும் உட்கார விடவும் இல்லை. அதே கதைதான்.

பங்கு வெளியீட்டுக்கு விண்ணப்பம் போடும் அன்பர்களுக்கு இது உடனே விளங்கும். விண்ணப்பத் தொகை நம் கணக்கை விட்டுப் போவதில்லை. அங்கேயே முடக்கி வைக்கப்படுகிறது. பங்கு கிடைத்தால் எடுத்துக்கொள்கிறார்கள், கிடைக்காவிட்டால் முடக்கம் நீங்குகிறது. கிரெடிட் கார்டிலும் ஒவ்வொரு செலவும் இப்படி இரண்டு கட்டமாகத்தான் நடக்கிறது. கார்டைத் தேய்த்த கணத்தில் கடையின் மெஷின் நம் வங்கியைக் கேட்கிறது, வங்கி 'சரி' என்று ஆறு எழுத்துள்ள ஒரு அனுமதி எண்ணைக் கொடுத்து, அந்தத் தொகையை நம் லிமிட்டில் முடக்கி வைக்கிறது. அதுதான் செயலியில் Pending என்று தெரிவது. பணம் இன்னும் நகரவில்லை. அன்றிரவோ மறுநாளோ கடைக்காரர் அன்றைய கணக்கை முடித்துத் தம் வங்கிக்கு அனுப்புகிறார். அந்தக் கோரிக்கை நம் வங்கிக்கு வந்து சேர்ந்ததும், கார்டு எண், அனுமதி எண், தொகை இவற்றைப் பொருத்திப் பார்த்து, முடக்கத்தை நீக்கிவிட்டு உண்மையான பற்று எழுதுகிறார்கள். மளிகைக் கடையில் இரண்டும் ஒரே தொகை. ஒன்றிரண்டு நாளில் முடிந்துவிடுகிறது. ஆகவே இப்படி ஒன்று நடப்பதே நமக்குத் தெரிவதில்லை.

ஓட்டலில்தான் சிக்கல். வந்து இறங்கும்போது கடைசி பில் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. ஆகவே மூன்று நாள் வாடகையும் வரியும் 21,600, அதோடு சாப்பாடு, துணி வெளுப்பு என்று நாளைக்கு 2,000 வீதம் 6,000, ஆக மொத்தம் 27,600 ரூபாய்க்கு அனுமதி வாங்கி வைத்தார்கள். மெஷினில் இதற்குத் தனியாகவே ஒரு பிரிவு உண்டு. வெளிவரும் சீட்டின் தலையில் SALE என்று இருக்காது, PRE-AUTH என்று இருக்கும். நண்பர் அந்தச் சீட்டைப் பார்க்காமலே பர்ஸில் செருகியிருந்தார். நல்ல வேளை, எறியவில்லை.

இன்னொரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தி பெரும்பாலும் இந்த முதல் கட்டத்துக்குத்தான் வருகிறது. அதில் முடக்கம் என்று எழுதுவதில்லை. செலவானது என்றே எழுதுகிறார்கள். எங்கள் காலத்திலேயே இந்த வாசகத்தை மாற்றுங்கள் என்று மேலே எழுதிப் போட்டோம். யார் கேட்டார்கள்!

சரி, ஞாயிறு காலை என்ன நடந்தது? அறையைக் காலி செய்யும்போது பில் 23,850. முறையாக நடந்திருந்தால் வரவேற்பு மேஜையில் இருந்தவர், வியாழக்கிழமைச் சீட்டில் இருந்த அனுமதி எண்ணை மெஷினில் கொடுத்து, அந்த முன் அனுமதியையே 23,850 ரூபாய்க்கு முடித்திருக்க வேண்டும். அப்படிச் செய்தால் கார்டை மறுபடி தேய்க்கவே தேவையில்லை. கோரிக்கை பழைய எண்ணோடு போகும், நம் வங்கி அதைப் பொருத்திப் பார்த்து 23,850 ரூபாயைப் பற்று எழுதும், 27,600 ரூபாய் முடக்கம் முழுவதும் நீங்கும். ஆனால் காலை நேரக் கூட்டத்தில் அவர் "கார்டு கொடுங்க சார்" என்று வாங்கிப் புதிதாக ஒரு SALE போட்டுவிட்டார். புதுச் செலவுக்குப் புது அனுமதி எண். வியாழக்கிழமை முடக்கத்துக்கும் இதற்கும் உறவு உண்டென்று வங்கியின் கணினிக்கு எப்படித் தெரியும்? இரண்டும் அருகருகே நின்றன. அறை வாடகையைக் கையிலிருந்து ரொக்கமாகவோ யுபிஐ மூலமாகவோ கட்டினாலும் கதை இதேதான். கார்டில் போட்ட துண்டு அப்படியே கிடக்கும்.

திங்கட்கிழமை நண்பர் வங்கியைக் கூப்பிட்டார். "இது பெண்டிங்கில் இருக்கிறது, ஓட்டல்தான் விடுவிக்க வேண்டும். இப்போது புகார் பதிய முடியாது" என்றார்கள். ஓட்டலைக் கூப்பிட்டார். "நாங்கள் 23,850 ரூபாய்தான் வாங்கினோம், மற்றது எங்களுக்கு வரவே இல்லை. வங்கியைக் கேளுங்கள்" என்றார்கள். இருவரும் சொன்னது உண்மை. இதுதான் இந்த விவகாரத்தின் கொடுமை. பணமே நகராதபோது எதைத் தகராறு செய்வது? பற்று எழுதிய பிறகுதான் வங்கி தகராறு மனுவை ஏற்கும்.

செவ்வாய்க்கிழமை 23,850 ரூபாய் பெண்டிங்கை விட்டு உண்மைப் பற்றாக மாறியது. 27,600 அசையவில்லை. எனக்கு வேண்டியிருந்ததும் இந்த அடையாளம்தான். ஒன்று முடிந்து மற்றது நின்றால், அது தாமதமல்ல, அநாதையான முடக்கம் என்று தீர்மானிக்கலாம்.

"ரிசர்வ் வங்கி ஒரு நாளைக்கு நூறு ரூபாய் நஷ்டஈடுன்னு சொல்லியிருக்கே?" என்று கேட்டார் நண்பர். உண்மைதான். 2019 செப்டம்பரில் வந்த சுற்றறிக்கை அது. ஆனால் கடையில் கார்டைத் தேய்த்து, நம் கணக்கில் பணம் கழிந்து, கடைக்காரருக்கு உறுதிச் சீட்டு வராமல் போன தோல்விகளுக்குத்தான் அந்த ஐந்து நாள் கெடுவும் நூறு ரூபாயும். இங்கே எதுவும் தோற்கவில்லை. நாமே சம்மதித்துக் கொடுத்த முன் அனுமதி இது.

ஆகவே நேர்வழியில் இறங்கினோம். ஓட்டலின் வரவேற்பு மேஜையை விட்டுவிட்டு, கணக்குப் பிரிவு மேலாளரைக் கேட்டுப் பிடித்தேன். பணம் திருப்பித் தாருங்கள் என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் பற்றான 23,850 ரூபாயைத் தேடிக்கொண்டு போவார்கள். "வியாழக்கிழமை எடுத்த முன் அனுமதியை ரத்து செய்யுங்கள்" என்று கேட்டு, தேதி, தொகை, கார்டின் கடைசி நான்கு இலக்கம், சீட்டில் இருந்த அனுமதி எண் நான்கையும் எழுதி அனுப்பினோம். அவர் மெஷின் வழியாக ரத்துச் செய்தியை அனுப்பியதோடு, இந்த அனுமதியின் பேரில் பணம் கோரமாட்டோம் என்று ஓட்டலின் முத்திரைத் தாளில் ஒரு கடிதமும் கொடுத்தார். அந்தக் கடிதத்தை நண்பர் புதன்கிழமை தம் வங்கிக்கு அனுப்பினார். வியாழன் மாலை 27,600 சுவடில்லாமல் மறைந்தது. வரவு என்று ஒரு வரிகூட வராது. வராத பணத்துக்கு வரவு ஏது?

யாரும் எதுவும் செய்யாமல் விட்டிருந்தால்? வங்கியே ஒரு கெடுவுக்குப் பின் தானாக விடுவித்திருக்கும். சாதாரணக் கொள்முதலுக்கு ஒரு வாரம் பத்து நாள் என்பது வழக்கம். ஓட்டல், வாடகைக் கார் முன் அனுமதிகளுக்கு முப்பது நாள் வரைகூடப் போகலாம். அதுவரை வட்டி கிடையாது, மாத பில்லிலும் வராது. லிமிட்தான் முடங்கும். டெபிட் கார்டில் இப்படி நடந்தால் நம் சொந்தப் பணமே முடங்கும் என்பதால், ஓட்டல் மேஜையில் நான் டெபிட் கார்டை நீட்டுவதே இல்லை.

முடக்கம் மறைந்துவிட்டதே என்று செலவும் போயிற்று என எண்ணிவிடக் கூடாது. பொருளைத் தாமதமாக அனுப்பும் கடை, கெடு முடிந்த பிறகு கோரிக்கை அனுப்பினால், மறைந்த தொகை பற்றாக வந்து நிற்கும். பொருள் நமக்கு வந்திருந்தால் அது நியாயமான பாக்கியே.

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் பெட்ரோல் பங்கில் இதைச் சந்திப்பார்கள். நாமே குழாயை எடுத்து நிரப்பிக்கொள்வதால், எவ்வளவு நிரப்புவோம் என்று தெரியாமல் முன்கூட்டியே அனுமதி வாங்குகிறார்கள். சில இடத்தில் ஒரு டாலர், சில இடத்தில் நூறு டாலருக்கும் மேல். நாற்பது டாலருக்கு நிரப்பியவருக்கு நூற்றுச் சொச்சம் என்று செய்தி வந்தால் நெஞ்சு படபடக்கத்தான் செய்யும். அங்கேயும் இறுதிப் பற்று நாற்பதுக்குத்தான் வரும். கோரிக்கை வந்து சேரும் நாளின் மாற்று விகிதத்தில் கணக்கிடுவதால் ரூபாயில் கொஞ்சம் முன்பின் இருக்கும்.

அம்மாவுக்கு அறுவை நல்லபடியாக முடிந்து, இப்போது வாக்கர் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறார். என் முப்பதாயிரத்தை நண்பர் அடுத்த வாரமே கொடுத்துவிட்டார். பிறகு தை மாதத்தில் ஒரு கல்யாணத்துக்காக ஆக்ரா போனபோது அவர் அறையைக் காலி செய்த விவரத்தைத் தொலைபேசியில் சொன்னார். மேஜையில் இருந்த பையன் கார்டைக் கேட்டிருக்கிறான். இவர் கொடுக்கவில்லை. பர்ஸிலிருந்த PRE-AUTH சீட்டை நீட்டி, "இதையே முடிச்சுக் கொடு தம்பி" என்றாராம். பையனுக்குத் தெரியவில்லை, உள்ளேயிருந்து மேற்பார்வையாளர் வர வேண்டியிருந்தது. பத்து நிமிஷம் ஆயிற்று. வந்த சீட்டில் அதே பழைய அனுமதி எண் இருந்ததா என்று கேட்டேன். "ரெண்டு தடவை ஒப்பிட்டுப் பார்த்துட்டுத்தான் சார் ஆட்டோவுல ஏறினேன்" என்றார்.